எண்ணுக்கு ஒரு வரி

ஒரு தணிக்கை அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே சில திங்கட்கிழமைகளில் மட்டும் பிரிண்டர் மக்கர் செய்யும். அணைத்துப் போட்டால் நாலு தாள் வரும், மறுபடி நின்றுவிடும். மெக்கானிக் வந்து பார்த்தால் பிரிண்டரில் எந்தப் பழுதும் இருக்காது.

பழுது ஐபி முகவரியில் இருக்கிறது. அலுவலக வலையில் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.150 என்பது போல ஓர் எண் வேண்டும். லேப்டாப்புக்கும் ஃபோனுக்கும் ரவுட்டரே கொஞ்ச நேரத்துக்கு ஓர் எண்ணை வாடகைக்குக் கொடுக்கும். அந்தச் சேவையின் பெயர் டிஹெச்சிபி. பிரிண்டரின் எண் மாறக்கூடாது என்பதால், அதன் மெனுவில் ஒருவர் 150 என்று கையாலேயே போட்டுவிட்டார். ரவுட்டரோ 100 முதல் 200 வரை வாடகைக்கு விட்டுக்கொண்டிருக்கிறது. பிரிண்டர் மெனுவில் போட்டது அதற்கு எப்படித் தெரியும்? சில ரவுட்டர்கள் எண்ணைக் கொடுக்குமுன் ஒரு பிங் அனுப்பி, யாராவது பதில் தருகிறார்களா என்று பார்க்கும். வார விடுமுறைக்கு அணைத்துவைத்த பிரிண்டர் பதில் தராது. திங்கள் காலை முதலில் திறந்த லேப்டாப்புக்கு 150 போய்விடும்.

சந்தேகம் வந்தால் சோதிப்பது எளிது. பிரிண்டரின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஒரு கணினியில் இதைத் தட்டுங்கள்:

```
ping 192.168.1.150
arp -a
```

கேபிள் இல்லாமலும் பதில் வந்தால் அந்த எண்ணில் வேறு யாரோ இருக்கிறார்கள். இரண்டாவது கட்டளை அவருடைய மேக் முகவரியைக் காட்டும். ரவுட்டரின் வாடகைப் பட்டியலில் அதைத் தேடினால் ஆள் அகப்பட்டுவிடுவார்.

இதைத் தடுக்கத்தான் பல அலுவலகங்களில் ஒரு எக்செல் தாள் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அதைத் தலைகீழாக எழுதுகிறார்கள். கருவி வாங்க வாங்க, கருவிக்கு ஒரு வரி என்று சேர்ப்பார்கள். பதினேழாம் வரியில் 150 இருப்பதை அறுபதாம் வரியில் எழுதுபவர் பார்ப்பதில்லை. எண்ணுக்கு ஒரு வரி என்று போட வேண்டும். 1 முதல் 254 வரை எல்லா எண்ணும் முதல் நாளே தாளில் இருக்கட்டும். ஒரே எண்ணை இரண்டு முறை எழுத அதில் இடமே இருக்காது. ஒவ்வொரு வரியிலும் நிலை, கருவி, மேக் முகவரி, இருக்கும் இடம், எழுதியவர், தேதி. நிலை நான்கில் ஒன்று: கையால் போட்டது, ரிசர்வேஷன், வாடகை, காலி. 100 முதல் 200 வரையுள்ள வரிகளில் ‘வாடகை’ என்று நிரப்பிவிட்டால் 150ஐ எடுக்கப் போகிறவர் அங்கேயே நின்றுவிடுவார். பிங்குக்குப் பதில் வரவில்லை என்பதற்காக மட்டும் எந்த வரியையும் ‘காலி’ ஆக்கக்கூடாது. அது அணைத்துவைத்த கருவியாக இருக்கலாம்.

ரிசர்வேஷன் என்பது ‘இந்த மேக் முகவரி வந்தால் இந்த எண்ணையே கொடு’ என்று ரவுட்டரிடம் சொல்லிவைப்பது. பிரிண்டருக்கு இதுவே மேல் என்பேன். ஃபோனுக்கு அவ்வளவாகச் சரிப்படாது. இன்றைய ஃபோன்கள் வைஃபையில் சொந்த மேக் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டும். அந்த அமைப்பை மாற்றினால் ரிசர்வேஷன் பொருந்தாது. மேக் முகவரி C பத்தியில் இருந்தால், ஒரே கருவி இரண்டு வரிகளில் ஏறியிருக்கிறதா என்று இந்தச் சூத்திரம் சொல்லும்:

```
=COUNTIF($C$2:$C$255,C2)>1
```

விண்டோஸ் மேக் முகவரியைச் சிறு கோடு போட்டுக் காட்டும். பல கருவிகள் முக்காற்புள்ளி வைத்துக் காட்டும். இரண்டும் கலந்திருந்தால் சூத்திரம் ஏமாந்துபோகும். ஏதாவது ஒரு முறையை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் கூடும்போதுதான் தாளுக்கு உண்மையான வேலை. வாடகை எண்கள் தீர்ந்துபோனால், புதிதாக வரும் விண்டோஸ் லேப்டாப் 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைத் தானே போட்டுக்கொண்டு இணையம் இல்லாமல் நிற்கும். உடனே யாராவது ரவுட்டரைத் திறந்து 100 என்றிருப்பதை 50 ஆக்குவார். லேப்டாப்புக்கு இணையம் வந்துவிடும். 60, 61 என்று கையால் எண் போட்ட கண்காணிப்புக் கேமராக்கள் விட்டு விட்டு மறையத் தொடங்கும். அந்த மாற்றத்தையும் இந்த மறைவையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. எல்லையை முதலில் தாளில் நகர்த்திப் பார்த்து, பிறகு ரவுட்டரில் நகர்த்தினால் கேமராக்களின் வரிகள் குறுக்கே நிற்பது கண்ணில் படும். அதற்கும் முன்னால் வாடகைக் காலத்தைப் பாருங்கள். ஒரு நாள் என்றிருந்தால், வந்துபோன விருந்தாளிகளின் ஃபோன்கள் எண்களைப் பிடித்துவைத்திருக்கும். நாலு மணி நேரமாகக் குறைத்தாலே பல சமயம் எண்கள் போதுமானதாகிவிடும்.

254ம் போதாமல் போனால் சப்நெட் மாஸ்க்கை 255.255.254.0 என்று மாற்றி, 192.168.0.1 முதல் 192.168.1.254 வரை 510 எண்களாக விரிக்கலாம். வாடகைக்காரர்களும் ரிசர்வேஷன் கருவிகளும் அடுத்த புதுப்பிப்பில் புதிய மாஸ்க்கைத் தாமே பெற்றுக்கொள்ளும். கையால் எண் போட்ட கருவிகளுக்கு அந்த வசதி இல்லை. பழைய மாஸ்க்கோடு இருக்கும் கேமராவுக்கு, 192.168.0 பக்கம் உள்ள கணினி தன் வலையில்தான் இருக்கிறது என்பது தெரியாது. தாளில் ‘கையால் போட்டது’ என்று வடிகட்டிக்கொண்டு, ‘இடம்’ பத்தியைப் பார்த்து, ஏணியோடு ஒவ்வொன்றாகப் போய்வர வேண்டியதுதான்.