ஊ.சே.நி.யும் ஊ.ந.நி.யும்: ஓர் எழுத்தில் மாறும் கணக்கு

வெலிமடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆண்டறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டுத் தமிழுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு வரி: 'ஈ.பி.எப்., ஈ.ரி.எப். நிலுவை உண்டு.' மொழிபெயர்ப்பவர் இதை ஊ.சே.நி., ஊ.ந.நி. என்று சுருக்கிவிடுகிறார். இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் லயத்தில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அச்சில் ஓர் எழுத்து மாறினால் கணக்கே மாறிவிடும்.

மாதச் சம்பளம் 20,000 ரூபாய் என்போம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 வீதம், அதாவது 1,600 ரூபாய் பிடிக்கப்படும். தோட்டம் 12 வீதமாக 2,400 ரூபாய் சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கான 3 வீதம், 600 ரூபாய், முழுவதும் தோட்டத்தின் பணம். தொழிலாளியிடம் ஒரு சதமும் பிடிக்கக் கூடாது. ஆகவே 'ஊ.சே.நி. நிலுவை' என்றால் சம்பளத்தில் பிடித்த பணமும் கட்டப்படாமல் இருக்கலாம். 'ஊ.ந.நி. நிலுவை' என்றால் அப்படியல்ல. முறையிட வேண்டிய இடமும் வேறு: முன்னையதற்குத் தொழில் திணைக்களம், பின்னையதற்கு அந்த நிதியத்தின் சபை.

இங்கே செய்யக்கூடியது இதுதான். முதல் தடவை முழுப்பெயரைத் தமிழில் எழுதி, பக்கத்தில் 'ஈ.பி.எப்.' என்று சேர்த்து, பிறகு அதையே கடைசிவரை பயன்படுத்தலாம். சம்பளச் சீட்டிலும் தோட்டத்து வாயிலும் இருப்பது அதுதான். போர்க்காலத்தில் ஐ.சி.ஆர்.சி. என்றும் நாம் சொல்லிப் பழகியவர்கள்தானே.

எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. தேயிலைத் தர வரிசையில் வரும் பி.ஓ.பி.யை விரித்தால் 'புரோக்கன் ஆரஞ்சு பெக்கோ'. அதில் தோடம்பழம் எதுவும் இல்லை, அது இலையின் தரத்துக்கு இட்ட பெயர். சாக்கிலும் கொழும்பு ஏலப் பட்டியலிலும் உள்ள ஆங்கில எழுத்துகளை அப்படியே விட வேண்டும். ஆனால் அதே மூன்று எழுத்துகள் அறிக்கையின் பொருளாதாரப் பகுதியில் வந்தால் அது சென்மதி நிலுவை. அங்கே தமிழாக்கியே தீர வேண்டும். எது எதுவென்று சுற்றியிருக்கும் வரிகளே சொல்லும்: கிலோவும் ஏல விலையும் இருந்தால் தேயிலை, ஏற்றுமதியும் டொலரும் இருந்தால் நாட்டின் கணக்கு.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது தவறு வேறு விதமாக வரும். இ.தொ.கா.வை விரித்தால் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ். அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்குபவர் 'ஸ்ரீ லங்கா' என்று தொடங்கிவிடுவார். அமைப்பின் ஆங்கிலப் பெயரிலோ இன்றும் 'சிலோன்'தான் இருக்கிறது, சுருக்கமும் சி.டபிள்யூ.சி. பெயரை மொழிபெயர்க்கப் போகாமல், அந்த அமைப்பு தன் கடிதத் தலைப்பில் என்ன அச்சிடுகிறது என்று பார்த்து எழுதினால் போதும்.