பதவியை விடும் முன் கணக்கை முடிங்க!

சாத்தான்குளத்தில் கல்லூரி மன்றம் ஒன்றின் தலைவி, வீட்டுச் சூழ்நிலையால் பாதி வருடத்தில் விலகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ராஜினாமா கடிதம் எழுத ஐந்து நிமிடம் போதும். பணத்தைச் சரியாக ஒப்படைக்காவிட்டால், ‘வசூல் பண்ணின காசு என்னாச்சு?’ என்ற பேச்சு அவரை விடாது.

முதல் வேலை, விலகும் தேதியில் வரவு செலவு நோட்டில் கோடு போட்டுக் கணக்கை முடிப்பது. 62 பேரிடம் தலா 50 ரூபாய் வீதம் வசூல் 3,100. பில் உள்ள செலவு 1,790. மீதி 1,310 இருக்க வேண்டும். கையில் 410, ஜிபேயில் வந்து அவருடைய சொந்தக் கணக்கில் கிடப்பது 850. கூட்டினால் 1,260தான். மீதி 50 ரூபாய் எங்கே?

யோசித்தால், விருந்தினரை அழைத்துவரக் கொடுத்த ஆட்டோ கூலி நினைவுக்கு வருகிறது. அதற்கு பில் இல்லை. ‘போகட்டும்’ என்று சொந்தக் காசைப் போட்டுச் சரிக்கட்டக் கூடாது. உண்மையான செலவு நோட்டில் ஏறாமலே போய்விடும். தேதி, யாருக்கு, எதற்கு என்று வவுச்சர் எழுதி, பொறுப்புப் பேராசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் ஒப்புக்கொண்டால் கணக்கு நேராகிவிடும்.

பலரும் மறப்பது ரசீது புத்தகத்தை. நூறு ரசீதில் 62 கிழித்தாயிற்று. ‘63 முதல் 100 வரை எழுதாதவை’ என்று குறிப்பிட்டு ஒப்படையுங்கள். இல்லாவிட்டால், பின்னால் யாராவது அதில் வசூலித்தாலும் பழி பழைய தலைவிமேல்தான்.

பணம், நோட்டு, பில், ரசீது புத்தகம் எல்லாவற்றையும் பட்டியலிட்டு இரண்டு பிரதி எடுங்கள். பேராசிரியர் முன்னால் எண்ணிக் கொடுத்து, இருவரும் தேதியோடு கையெழுத்திடுங்கள். ஒரு பிரதி உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும்.