பயிற்சி மையம் மூடினால் கட்டிய பணம் என்னாகும்?

2025 ஜனவரியில் நொய்டா, காசியாபாத், பாட்னா, போபால் என்று வடஇந்திய நகரங்களில் ஃபிட்ஜி பயிற்சி மையங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. சம்பளம் வராததால் ஆசிரியர்கள் வெளியேறினார்கள் என்று செய்திகள் வந்தன. இரண்டு வருடக் கட்டணத்தை முன்னதாகவே கட்டிவிட்ட பெற்றோர் காவல் நிலையங்களில் வரிசையில் நின்றார்கள். பெரிய பெயருள்ள நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், நம் ஊரில் ஒரு மாடிக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து நடக்கும் நீட் மையத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இப்படி மூடும்போது பெற்றோருக்குக் கிடைக்கும் முதல் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “அட்மிஷன் ஃபார்மில் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார், கட்டிய கட்டணம் திருப்பித் தரப்படாதுன்னு எழுதியிருக்கே.” இதைக் கேட்டதும் பலர் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்ப வேண்டியதில்லை. அந்த வரி, பிள்ளை தன் விருப்பத்தில் பாதியில் நின்றுவிடும் நிலைமைக்காக எழுதப்பட்டது. பாடம் நடத்துவதாகச் சொல்லிப் பணம் வாங்கியவரே நடத்தாமல் விட்டால், ஒப்பந்தத்தை மீறியவர் அவர். தான் மீறிய ஒப்பந்தத்தின் ஒரு வரியைக் காட்டி, செய்யாத வேலைக்கான கூலியை அவர் வைத்துக்கொள்ள முடியாது.

பிள்ளை தானாக நின்ற வழக்குகளில்கூட அந்த வரி எப்போதும் செல்லுபடியானதில்லை. சேகல் ஸ்கூல் ஆஃப் காம்படிஷன் என்ற பயிற்சி மையத்தின் வழக்கில், மொத்தக் கோர்ஸுக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு மீதியைத் தர மறுத்ததை தேசிய நுகர்வோர் ஆணையம் ஏற்கவில்லை. மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட பயிற்சி மைய வழிகாட்டு நெறிகளும், பாதியில் விலகும் மாணவருக்கு மீதிக் காலக் கட்டணத்தை 10 நாளுக்குள் திருப்பித் தரச் சொல்கின்றன. அது சட்டம் அல்ல, மாநிலங்களுக்கான வழிகாட்டுதல்தான். ஆனாலும் நியாயம் எது என்பதற்கு அளவுகோலாக உங்கள் மனுவில் அதைக் காட்டலாம்.

பள்ளிக்கும் பயிற்சி மையத்துக்கும் சட்டத்தில் உள்ள வேறுபாட்டை இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். சேலம் விநாயகா மிஷன் பல்கலைக்கழகம் தொடர்பான மனு சோலங்கி வழக்கில், 2020 ஜனவரியில் தேசிய ஆணையம் ஒரு தீர்ப்பு சொன்னது. கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, ஆனால் பயிற்சி மையங்கள் வரும் என்பது அதன் சாரம். எனவே பள்ளி மூடினால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்துப்பூர்வப் புகார், தேவைப்பட்டால் உரிமையியல் நீதிமன்றம் என்று போக வேண்டியிருக்கும். பயிற்சி மையம் என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கு நேராகப் போகலாம். “நாங்களும் கல்வி நிறுவனம்தான்” என்று மையம் அங்கே வாதாடினால் உங்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறதா? அங்கீகாரம் பெற்ற பள்ளியின் கல்விக் கட்டணத்துக்கு அந்த வரி கிடையாது. வரி வசூலித்த ரசீதே அவர்கள் வாதத்துக்குப் பதில்.

எவ்வளவு கேட்பது என்பதை ஒரு கணக்கோடு பார்ப்போம். மதுரையில் ஒரு தந்தை, மகளின் 24 மாத நீட் பயிற்சிக்கு வரியோடு சேர்த்து 1,80,000 ரூபாய் ஒப்புக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். 60,000 ரூபாயை ஜிபே மூலம் கட்டினார். மீதி 1,20,000 ரூபாயை “வட்டியில்லாத் தவணை” என்று மையமே ஏற்பாடு செய்துகொடுத்தது, மாதம் 10,000 வீதம் 12 தவணை. 9 மாதம் வகுப்பு நடந்தபின் மையம் மூடிவிட்டது. மாதக் கணக்கு 7,500 ரூபாய். நடந்த 9 மாதத்துக்கு 67,500 போக, நடக்காத 15 மாதத்துக்கான 1,12,500 ரூபாய் திரும்ப வர வேண்டும். வரியைத் தனியாகக் கழிக்க விடக்கூடாது. நடக்காத சேவைக்கு வாங்கிய வரியும் அந்தப் பணத்தில் அடக்கம்.

“புத்தகம் கொடுத்தோமே, பதிவுக் கட்டணம் தனியாச்சே” என்று மையம் கழிக்கப் பார்க்கும். இரண்டு வருடத்துக்கான புத்தகங்களையும் முதல் நாளே கொடுத்திருந்தால், அதற்கு நியாயமான விலையைக் கழித்துக்கொள்ளட்டும். பதிவுக் கட்டணம் என்ற பெயரில் பெருந்தொகையைக் கழிக்க இடம் கொடுக்காதீர்கள். அதுவும் நடக்காத அந்தக் கோர்ஸுக்காக வாங்கியதுதான். இன்னொரு மையத்தில் சேர்க்க அதிகமாகச் செலவானால் அந்தக் கூடுதல் செலவையும், மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் தனியாகக் கேட்கலாம். அதற்குப் புது மையத்தின் ரசீது வேண்டும்.

மூடும் மையம் “மூடுகிறோம்” என்று பெரும்பாலும் சொல்லாது. ‘ஆன்லைனில் தொடரும்’, ‘பக்கத்து ஊர்க் கிளைக்கு மாறிக்கொள்ளுங்கள்’ என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வரும். நேர்முக வகுப்புக்குப் பணம் வாங்கியவர் ஆன்லைன் வகுப்பைத் தந்து கடமை முடிந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் எதுவும் சொல்லாமல் நான்கு மாதம் ஆன்லைனில் உட்கார்ந்துவிட்டால், நீங்கள் அதை ஒப்புக்கொண்டதாக வாதம் வரும். வேறு வழியில்லாமல் பிள்ளை அதில் கலந்துகொண்டாலும், “தற்காலிகமாகத்தான், பணம் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்காமல்” என்று அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். குழுவின் அட்மின் செய்திகளை அழித்துவிடக்கூடும். உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். பூட்டிய கதவையும் ஒட்டிய அறிவிப்பையும் படம் எடுங்கள். ரசீது, கையேடு, வகுப்பு அட்டவணை எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும். பணம் தருவதாகச் சொல்லி அசல் ரசீதைக் கேட்டால் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

அடுத்தது நோட்டீஸ். வழக்கறிஞர் இல்லாமலே எழுதலாம். எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினோம், எந்தத் தேதியோடு வகுப்பு நின்றது, மேலே சொன்ன கணக்குப்படி எவ்வளவு வர வேண்டும், 15 நாளுக்குள் எந்த வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்ற நான்கு செய்திகள் இருந்தால் போதும். விரைவு அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். யாருக்கு அனுப்புவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பலகையில் ஒரு பெரிய பெயர் இருக்கும், ரசீதில் யாரோ ஒரு எண்டர்பிரைசஸ் பெயர் இருக்கும். அது ஃபிரான்சைஸ், அதாவது பெயரை மட்டும் வாங்கி நடத்துபவர். ரசீதில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணை gst.gov.in தளத்தில் தேடினால், பதிவு செய்த சட்டப்பெயரும் முகவரியும் கிடைக்கும். நடத்தியவர், பெயர் கொடுத்த தலைமை நிறுவனம் என்று இருவருக்கும் அனுப்புங்கள். “அது எங்கள் கிளை இல்லை” என்று தலைமை நிறுவனம் சொல்லத்தான் செய்யும். அவர்கள் பெயரையும் விளம்பரத்தையும் நம்பித்தான் சேர்த்தோம் என்று ஆணையத்தில் வாதாட, அவர்களையும் எதிர்தரப்பில் சேர்த்திருக்க வேண்டும்.

இப்போது அந்தத் தவணைக்கு வருவோம். மையம் ‘தவணை’ என்று சொன்னது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனத்தின் கடன். செல்பேசியில் ஓ.டி.பி. சொன்னபோதே அந்தத் தந்தை கடனாளி ஆகிவிட்டார். நிதி நிறுவனம் கடன் தொகையை மையத்துக்கு அன்றே கொடுத்துவிட்டது. மையம் மூடினாலும் மாதாமாதம் 10,000 கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். கோபத்தில் கணக்கைக் காலியாக வைத்துத் தவணையைத் திரும்ப வைப்பது ஆபத்து. சிபில் மதிப்பெண் விழும். அது மட்டுமல்ல, பணமில்லாமல் மின்னணுத் தவணை திரும்பினால், காசோலை திரும்பியதற்கு ஒப்பான குற்ற வழக்கு தொடர 2007ஆம் ஆண்டின் பணம்செலுத்தல் சட்டத்தின் 25ஆம் பிரிவு இடம் தருகிறது.

முதலில் நிதி நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். சேவை எந்தத் தேதியில் நின்றது என்று சொல்லி, மீதித் தவணையை நிறுத்திவைத்து மையத்திடம் வசூலித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடன் ஒப்பந்த நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும்போது நிதி நிறுவனத்தையும் எதிர்தரப்பாகச் சேர்த்து, வழக்கு முடியும்வரை தவணை பிடிக்கக்கூடாது என்று இடைக்கால உத்தரவு கேளுங்கள். நுகர்வோர் சட்டத்தின் 38(8) பிரிவு அந்த அதிகாரத்தை ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது. உத்தரவு உறுதியாகக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் கேட்காமல் கிடைக்காது.

நம் கணக்கில் அந்தத் தந்தை 9 தவணை கட்டிவிட்டார், முன்பணத்தோடு சேர்த்து 1,50,000 ரூபாய். கடனில் 30,000 பாக்கி. வர வேண்டிய 1,12,500இல் 30,000 கடனை அடைக்கவும், 82,500 அவர் கைக்கும் வர வேண்டும். மனுவில் இப்படிப் பிரித்தே எழுதினால் ஆணையத்துக்கும் உத்தரவு எழுத எளிது.

முன்பணத்தைக் கார்டில் கட்டியவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ‘சேவை கிடைக்கவில்லை’ என்று கார்டு கொடுத்த வங்கியில் சார்ஜ்பேக் கேட்கலாம். பொதுவாக 120 நாள்தான் அவகாசம் என்பதால் மூடிய வாரமே கேட்பது நல்லது.

நோட்டீஸுக்குப் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அவர்கள் சமரசம்தான் பேசுவார்கள், உத்தரவு போட முடியாது. இன்னும் நடந்துகொண்டிருக்கும் நிறுவனம் ஒரு கோர்ஸை மட்டும் ரத்து செய்திருந்தால் இதிலேயே பணம் வந்துவிட வாய்ப்புண்டு. பூட்டிவிட்டு ஓடியவரிடம் இது பலிக்காது. அதற்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், மையத்தின் தலைமையகம் டெல்லியில் இருந்தாலும் சரி. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. e-jagriti.gov.in தளம் வழியாகவே தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. வகுப்பு நின்ற நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ‘அடுத்த மாதம் தருகிறோம்’ என்று மையம் இழுத்தடிப்பது பல நேரம் இந்தக் காலத்தைக் கரைக்கத்தான்.

காவல் நிலையப் புகாரும் தேவைதான், குறிப்பாக மூடப்போவது தெரிந்தே கடைசி வாரம்வரை அட்மிஷன் போட்டிருந்தால். பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததற்கு அது வலுவான சான்று. ஆனால் குற்ற வழக்கு தண்டனைக்கானது. அதை மட்டும் நம்பி நுகர்வோர் வழக்கைப் போடாமல் விட்டுவிடக்கூடாது. நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டால் நுகர்வோர் வழக்கும் நின்றுவிடும். அப்போது திவால் நிர்வாகி நாளிதழில் விளம்பரம் கொடுப்பார், அதில் சொன்ன நாளுக்குள் உங்கள் தொகையை அவரிடம் கோரிக்கையாகப் பதிவு செய்ய வேண்டும். 2024 ஜூலையில் பைஜூஸின் தாய் நிறுவனம் இந்த நடவடிக்கைக்குள் போனது.

வழக்கு நடக்கும்போதே சமரசத்துக்கு வந்து பின்தேதியிட்ட காசோலை கொடுப்பார்கள். வாங்கலாம், ஆனால் பணம் கணக்கில் ஏறும்வரை ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போடாதீர்கள், வழக்கையும் திரும்பப் பெறாதீர்கள். காசோலை திரும்பினால், வங்கி தகவல் தந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், தவறினால் அந்தக் காசோலைக்காகக் குற்ற வழக்கு தொடரும் உரிமை போய்விடும். ஆணையம் உத்தரவு போட்ட பிறகும் பணம் வரவில்லையென்றால், அதே ஆணையத்தில் நுகர்வோர் சட்டத்தின் 71ஆம் பிரிவின் கீழ் சொத்தை ஜப்தி செய்யவும், 72ஆம் பிரிவின் கீழ் தண்டிக்கவும் மனுப் போடலாம். பின்னதில் ஒரு மாதம் முதல் மூன்று வருடம்வரை சிறை உண்டு. மனுவின் நகல் கைக்குக் கிடைத்ததும் பணத்தோடு வருபவர்களும் இருக்கிறார்கள்.