எச்சங்களை எங்கே வெட்டுவது?

"மழை பெய்து, ஏரி உடைந்து, ஊருக்குள் தண்ணீர் புகுந்து, வீடுகளை இழந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த மக்களை அமைச்சர் சந்தித்து, ஆறுதல் கூறி, நிவாரணம் வழங்கினார்."

செய்தித்தாளில் இதைப் படிக்கும்போது நமக்கு எந்தத் தடையும் இல்லை. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல். எச்சத்துக்கு ஒரு 'அண்ட்' போட்டால் மூச்சு முட்டும். ஒவ்வொன்றையும் தனி வாக்கியமாக்கினாலோ, மழைக்கும் ஏரிக்கும் என்ன சம்பந்தம் என்பதே போய்விடும்.

முதலில் வினைமுற்றைப் பிடிக்க வேண்டும்: வழங்கினார், வழங்கியவர் அமைச்சர். அடுத்து பெயரெச்சம்: 'தங்கியிருந்த'. வாக்கியத்தின் மூட்டு இதுதான். இதற்கு முன்னால் வரும் நான்கு எச்சங்களும் 'மக்கள்' என்ற சொல்லோடு கணக்குத் தீர்ந்துவிடுகின்றன. அமைச்சர்வரை அவை போவதில்லை. ஆகவே முதல் வெட்டு இங்கே.

பிறகு ஒவ்வொரு எச்சத்துக்கும் எழுவாய் யார் என்று பார்க்க வேண்டும். பெய்தது மழை, உடைந்தது ஏரி, புகுந்தது தண்ணீர். இப்படி எழுவாய் மாறும் இடத்தில் 'செய்து' வடிவம் பெரும்பாலும் காரணத்தைச் சொல்கிறது. 'பெய்ய' என்று நிற்க வேண்டிய இடத்தில் 'பெய்து' நிற்கிறது. இலக்கணக்காரர்கள் இதை எச்சத்திரிபு என்பார்கள். சந்தித்து, கூறி, வழங்கியது எல்லாம் ஒரே ஆள். அங்கே இருப்பது வரிசை மட்டும்தான், காற்புள்ளியும் ஓர் 'அண்ட்'டும் போதும். பொறி 'இழந்து' என்பதில் இருக்கிறது. அதன் எழுவாய் இன்னும் வந்து சேரவில்லை. அசந்தால் ஆங்கிலத்தில் தண்ணீர்தான் வீட்டை இழந்து நிற்கும்.

இப்போது பிரிக்கலாம். கனமழையில் ஏரி உடைந்து ஊருக்குள் வெள்ளம் வந்தது, ஒரு வாக்கியம். வீடிழந்த மக்கள் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள், இன்னொன்று. அமைச்சர் செய்தது மூன்றாவது. அதில் 'மக்கள்' என்பதற்குப் பதில் 'தெம்' வந்தாலே முந்தைய வாக்கியத்தோடு முடிச்சு விழுந்துவிடும்.

அமைச்சரின் வருகைதான் செய்தி என்றால் ஆங்கிலம் அவரை முன்னால் நிறுத்தும். அப்போது காலவரிசை தலைகீழாகிவிடும். தமிழில் எச்சங்கள் நடந்த வரிசையிலேயே நிற்பதால் முன்பின் தானாகத் தெரிகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையை 'ஹாட்' செய்ய வேண்டும்: ஏரி 'ஹாட் பர்ஸ்ட்', மக்கள் வீடுகளை 'ஹாட் லாஸ்ட்'. இதை விட்டுவிட்டால், அமைச்சர் வந்த பிறகு ஏரி உடைந்ததாகக்கூடப் படிக்க முடியும்.

வினைமுற்று எதிர்மறையாக இருந்தால் வெட்டுவதற்கு முன் இன்னொரு முறை யோசிக்க வேண்டும். "அவர் ஊருக்குப் போய் அம்மாவைப் பார்க்கவில்லை" என்பதில் ஊருக்குப் போனாரா, போகவே இல்லையா? 'இல்லை' கடைசி வினையோடு நிற்கலாம், சங்கிலி முழுவதையும் மறுக்கவும் செய்யலாம். "அவர் ஊருக்குப் போனார்" என்று தனி வாக்கியமாக்கிய அடுத்த கணம், போகாத பயணத்தை நடந்ததாக ஆக்கிவிடக்கூடும். பக்கத்து வாக்கியங்களைப் படித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.