மார்ச் மாதத்துக் குழி

ஒரு சின்னப் பனியன் கம்பெனியில் வருடத்துக்கு ஐயாயிரம் வவுச்சர் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்று பார்த்தாலும், அத்தனையையும் புரட்டி முடிக்க ஒரு மாதம் ஓடிவிடும். ஆனால் மார்ச் 31-க்கான கணக்கை முடிக்கும் முன், அனுபவமுள்ள கணக்காளர் ஒரே பிற்பகலில் தப்பான பதிவுகளில் பலவற்றைப் பிடித்துவிடுகிறார். அவர் வவுச்சரைத் தொடுவதே கடைசியில்தான்.

முதலில் அவர் வலைக்கண்ணின் அளவை முடிவுசெய்கிறார். இதற்கு ‘மெட்டீரியாலிட்டி’ என்று பெயர்: கணக்கைப் படிப்பவரின் முடிவையே மாற்றக்கூடிய தொகை எது என்ற வரம்பு. வரிக்கு முந்தைய லாபத்தில் 5 சதவீதம் என்பது ஆடிட்டர்களிடம் பரவலாக உள்ள கணக்கு. நம் கம்பெனியின் லாபம் 40 லட்சம் என்றால் வரம்பு 2 லட்சம். ஆனால் தேடுவதற்கு அதே 2 லட்சத்தை வைத்துக்கொண்டால் ஐம்பதாயிரம், அறுபதாயிரம் தப்புகள் நழுவிவிடும். அவை நான்கு சேர்ந்தால் வரம்பையே தாண்டும். அதனால் தேடும் வலையின் கண் சிறியது: மாதத்துக்கு 20,000 ரூபாய் வித்தியாசம் என்று வைப்போம். டீச் செலவு 2,000-லிருந்து 4,000 ஆகி இரட்டித்தாலும் கவலையில்லை. 12 லட்சம் சம்பளத்தில் வெறும் 3 சதவீதம் ஏறினால் 36,000. அதைக் கேட்டே ஆகவேண்டும்.

அடுத்து ஒவ்வொரு செலவையும் ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு எண்களாக ஒரே வரியில் பரப்புகிறார். டாலியில் லெட்ஜரைத் திறந்தால் மாதவாரித் தொகை தயாராகவே இருக்கும். பழுதுபார்ப்புச் செலவைப் பாருங்கள், ஆயிரத்தில்: 28, 31, 26, 30, 29, 33, 27, 30, 32, 289, 31, 28. ஜனவரி மலைபோல நிற்கிறது. எவ்வளவு உயரம் என்று அளக்க சராசரி எடுத்தால் ஏமாந்துபோவோம்: மலையும் அதற்குள் சேர்வதால் சராசரி 51 ஆகி, ஒழுங்கான மாதங்கள்கூடக் குறைவானவைபோலத் தெரியும். எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் இருப்பதை எடுத்தால் 30. அதுதான் இந்தச் செலவின் இயல்பான மட்டம். ஜனவரி வவுச்சரை எடுத்தால் 2,60,000 ரூபாய்க்குப் புது ஏர் கம்ப்ரசர் வாங்கிய பில். பல வருடம் உழைக்கப்போகும் இயந்திரம் அது. சொத்தாகப் போய், வருடாவருடம் தேய்மானமாகக் கழியவேண்டியது. ஒரே பதிவு லாபத்தை வரம்புக்கு மேல் குறைத்துக் காட்டியிருக்கிறது.

மலை எல்லோர் கண்ணிலும் படும். குழிதான் ஆபத்து. மின்கட்டண வரிசை டிசம்பரில் 86, ஜனவரியில் 0, பிப்ரவரியில் 171, மார்ச்சில் 0 என்று போகிறது. ஜனவரிக் குழியால் கெடுதல் இல்லை. அந்த மண்தான் பிப்ரவரியில் மேடாகக் குவிந்திருக்கிறது, தாமதமாக வந்த பில். மார்ச் குழிக்கான மேடோ ஏப்ரலில், அதாவது அடுத்த வருடக் கணக்கில் விழப்போகிறது. மார்ச்சிலும் தையல் மெஷின்கள் ஓடின, மின்சாரம் செலவானது, பில் மட்டும் வரவில்லை. சுமார் 85,000 ரூபாயைக் ‘கொடுபட வேண்டிய செலவு’ என்று மார்ச் 31 தேதியிட்டுப் பதியாவிட்டால், லாபம் அவ்வளவும் ஊதித் தெரியும். இல்லாத வவுச்சரை எந்தக் கட்டைப் புரட்டியும் கண்டுபிடிக்க முடியாது. பன்னிரண்டு எண்களை வரிசையாக வைத்தால்தான் அது தெரிகிறது; இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இதைவிடச் சூட்சுமமானது நேர்கோடு. வாடகை பன்னிரண்டு மாதமும் ஒரு லட்சம். பார்க்க எவ்வளவு அழகு! ஆனால் ஒப்பந்தத்தில் அக்டோபர் முதல் 10 சதவீத உயர்வு என்று இருக்கிறது. மாதம் 10,000 என்பதால் 20,000 வலையில் சிக்கவில்லை. ஆறு மாதத்தில் அது 60,000. வளைய வேண்டிய இடத்தில் வளையாத கோட்டையும் சந்தேகப்பட வேண்டும். அதற்கு எண்கள் போதாது, ஒப்பந்தக் காகிதம் பக்கத்தில் இருக்கவேண்டும்.

இந்த முறைக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. முதலாளி வீட்டுக் கரண்ட் பில் 8,000 ரூபாய் மாதாமாதம் கம்பெனிக் கணக்கிலேயே ஏறிக்கொண்டிருந்தால், வருடத்துக்கு 96,000 போனாலும் மலையும் இருக்காது, குழியும் இருக்காது. அதைப் பிடிக்க ஏதாவது ஒரு மாதத்து வவுச்சரை எடுத்து, பில்லில் இருக்கும் சர்வீஸ் நம்பர் யாருடையது என்று பார்த்தால்தான் உண்டு.