ஒரு அடுப்பங்கரை, மூன்று பெயர்ப்பலகை

உணவு ஆப்பில் பிரியாணிக்கு ஒரு கடை, பரோட்டாவுக்கு ஒரு கடை, ஃப்ரைட் ரைஸுக்கு ஒரு கடை என்று தனித்தனியாகத் தெரியும். மூன்றும் ஒரே ஷட்டர் கதவுக்குப் பின்னால் இருப்பதும் உண்டு. உட்கார்ந்து சாப்பிட இடமில்லாத கிளவுட் கிச்சனில் வாடகையும் ஆள் சம்பளமும் ஒன்றுதான் என்பதால், இன்னொரு பிராண்டைத் தொடங்கும் ஆசை சீக்கிரமே வந்துவிடும். அதைத் தாங்குமா என்று கேட்க வேண்டியது மெனுவை அல்ல, அடுப்பை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பரோட்டா பிராண்டுக்கு ஒரு கல், ஒரு மாஸ்டர். கொத்து, வீச்சு எல்லாம் சேர்த்து சராசரியாக ஓர் ஆர்டருக்குக் கல்லில் 5 நிமிடம் என்றால், மணிக்கு 12 ஆர்டர்தான் முடியும். இரவு 8 முதல் 9 வரை அந்த 12-ம் வந்துவிடுகிறது. இந்த நிலையில் அதே கல்லை நம்பி தோசை பிராண்ட் ஒன்றைத் தொடங்கி, அதற்கு 8 ஆர்டர் வந்தால், 9 மணிக்கு 8 ஆர்டர் தேங்கி நிற்கும். கடைசி ஆர்டர் கல்லை விட்டு இறங்க 9.40 ஆகிவிடும். தாமதப் புகார் இரண்டு பிராண்டுக்கும் வரும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பரோட்டாவின் ரேட்டிங்கும் சரியும்.

தோசைக்குப் பதில் பிரியாணி என்றால் கதை வேறு. தம் ஏற்கெனவே முடிந்திருக்கும். ஆர்டர் வந்ததும் அள்ளி, முட்டை வைத்து, தயிர்ப் பச்சடியோடு கட்ட வேண்டியதுதான். கல் பக்கமே போக வேண்டாம். ஒரே பெரிய அண்டாவில் போட்டு இரவு முழுக்கப் பரிமாறினால் மட்டும் அடிச்சோறு காய்ந்துவிடும். அதனால் ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு சிறிய அண்டாக்கள் வைப்பது நல்லது. ஃபாஸோஸ், பெஹ்ரூஸ் பிரியாணி, ஓவன் ஸ்டோரி மூன்றுமே ரெபெல் ஃபுட்ஸ் நிறுவனத்தின் பிராண்டுகள். ரோல் கல்லிலும், பிரியாணி அண்டாவிலும், பீட்சா ஓவனிலும் தயாராவதைக் கவனித்தால் இந்த ஏற்பாட்டின் பலம் புரியும்.

அடுத்தது, எதுவரை பொதுவாக வைக்கலாம் என்பது. நறுக்கிய வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, சுத்தம் செய்த கோழி வரை பொதுவாக இருக்கலாம். தாளிப்பு தொடங்கியதும் பிரிந்துவிட வேண்டும். பரோட்டாவுக்கு ஊற்றும் சால்னாவையே பிரியாணிக்கும் கட்டிக் கொடுத்தால், இரண்டையும் வாங்கிச் சாப்பிட்டவர் ஒரே வாயில் கண்டுபிடித்துவிடுவார். ஒரே மெனுவைப் பல பெயர்களில் அடுக்குவதை ஆப்களும் பொறுப்பதில்லை. 2023-இல் ஊபர் ஈட்ஸ் இப்படிப்பட்ட சுமார் 5,000 ஆன்லைன் கடைகளை நீக்கியது.

சைவ பிராண்ட் என்றால் இன்னும் கண்டிப்பு வேண்டும். சிக்கன் 65 பொரித்த எண்ணெயில் காலிஃபிளவரைப் போட்டால் அது ருசிக் குறை அல்ல, நம்பிக்கை மோசடி. கடாய், எண்ணெய், கரண்டி, வெட்டும் பலகை எல்லாம் தனியாக இருக்க வேண்டும். அதற்கு இடமில்லையென்றால் சைவ பிராண்ட் வேண்டாம். அசைவமும் சமைக்கும் கிச்சன் என்பதைக் கடைப் பக்கத்திலேயே எழுதிவிடுவதும் நல்லது.

குழப்பம் அதிகம் நடப்பது பார்சல் மேஜையில்தான். பிரியாணி ஆர்டருக்குள் பரோட்டா பிராண்டின் ஸ்டிக்கர் ஒட்டிய டப்பா போனால், உள்ளே இருப்பது சரியாக இருந்தாலும் வாங்கியவர் 'வேற கடை சாப்பாடு வந்துடுச்சு' என்றுதான் போன் செய்வார். பிராண்டுக்கு ஒரு நிறத்தில் ஆர்டர் சீட்டும், தனித் தட்டும் இருக்க வேண்டும். சீட்டைப் படித்துச் சரிபார்த்துப் பையை மூடுபவர், கட்டியவர் அல்லாத இன்னொருவராக இருக்கட்டும். கோழி தீர்ந்தால் மூன்று மெனுவிலும் ஒரே நேரத்தில் நிறுத்தியாக வேண்டும். ஒன்றில் மறந்தாலும் ஆர்டரை ரத்து செய்யும்படி ஆகிவிடும்.

எங்கே தவறு என்பதைப் புகார்களே காட்டிக்கொடுக்கும். வாரம் ஒருமுறை அவற்றை மணி வாரியாக எழுதிப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பிராண்டுக்குத் தாமதப் புகார் வந்தால், இரண்டுக்கும் பொதுவான அடுப்போ பார்சல் மேஜையோ திணறுகிறது. ஒரு பிராண்டில் மட்டும் 'போன தடவை மாதிரி இல்லை' என்று வந்தால் கோளாறு அளவில். மசாலாவைக் கண் மதிப்பில் போடாமல் தராசில் நிறுத்துப் போட வேண்டும். நெரிசல் நேரத்தில் மூன்றும் திணறினால், லாபம் குறைந்த பிராண்டை ஆப்பில் அரை மணி நேரம் மூடி வைத்து மற்ற இரண்டையும் காப்பாற்றுங்கள்.

உரிமையாளர் ஒருவரே என்பதை மறைக்க முடியாது. கடைப் பக்கத்தில் இருக்கும் 14 இலக்க உணவு உரிம எண்ணை ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் வாடிக்கையாளர் மூன்று கடையிலும் வாங்கினால்தான் நீங்கள் நடத்துவது மூன்று பிராண்ட். இல்லையென்றால், ஒரு கடைக்கு மூன்று பெயர் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.