50 புள்ளியா, 300 புள்ளியா?

நிஃப்டி 25,000-இல் நிற்கிறது, எக்ஸ்பைரிக்கு ஒரு வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'இனிப் பெரிதாக இறங்காது' என்று நினைக்கும் ஒருவர் 24,800 புட் ஆப்ஷனை 85 ரூபாய்க்கு விற்கிறார். சந்தை சரிந்தால் நஷ்டம் ஏறிக்கொண்டே போகும் என்பதால், அதற்குக் கீழே இன்னொரு புட்டைப் பாதுகாப்புக்கு வாங்குகிறார். இதுதான் புல் புட் ஸ்ப்ரெட். இரண்டு ஸ்ட்ரைக்குகளுக்கும் இடையிலான தூரம்தான் அதன் அகலம். எதை விற்பது என்று நாள் முழுக்க யோசிப்பவர்கள்கூட எதை வாங்குவது என்பதைக் கடைசி நொடியில் முடிவு செய்வதுண்டு. லாபமும் நஷ்டமும் முடங்கும் பணமும் அங்கேதான் தீர்மானமாகின்றன.

24,750 புட் 70 ரூபாய் என்றால், கையில் நிற்பது 15 புள்ளி. அகலம் 50 என்பதால் அதிகபட்ச நஷ்டம் 35 புள்ளி. 24,600 புட் 39 ரூபாய். அதை வாங்கினால் நிற்பது 46, நஷ்டம் 154 வரை போகலாம். ஒரு ரூபாய் சம்பாதிக்க முதல் ஸ்ப்ரெட்டில் சுமார் 2.30 ரூபாயையும் இரண்டாவதில் 3.35 ரூபாயையும் பணயம் வைக்கிறோம். கீழே போகப் போக புட்டின் விலை மெதுவாகத்தான் குறைகிறது. அகலத்தில் கூட்டும் ஒவ்வொரு 50 புள்ளியும் முன்னதைவிடக் குறைவான பிரீமியத்தையே தருகிறது. நஷ்டத்தின் கூரையையும் அதே கணக்கில் உயர்த்துகிறது.

அப்படியானால் குறுகியதுதான் நல்லதா? ஒரே அளவு பணத்தைப் பணயம் வைத்துப் பார்த்தால் பதில் மாறுகிறது. லாட் அளவை 65 என்று எடுத்துக்கொள்வோம். 200 புள்ளி ஸ்ப்ரெட் ஒரு லாட்டின் அதிகபட்ச நஷ்டம் 10,010 ரூபாய், லாபம் 2,990. 50 புள்ளி ஸ்ப்ரெட் நான்கு லாட் போட்டால் நஷ்டம் 9,100, லாபம் 3,900. காகிதத்தில் குறுகியது ஜெயிக்கிறது. ஆனால் எக்ஸ்பைரியில் நிஃப்டி 24,750-இல் முடிந்தால், குறுகியதை வைத்திருந்தவர் 9,100 ரூபாயையும் இழக்கிறார். அகலமானதை வைத்திருந்தவருக்கு 260 ரூபாய்தான் நஷ்டம். அவர் முழுவதையும் இழக்க நிஃப்டி இன்னும் 150 புள்ளி இறங்கி 24,600-ஐத் தொட வேண்டும். குறுகிய ஸ்ப்ரெட்டில் முழு லாபமும் முழு நஷ்டமும் ஐம்பதே புள்ளி இடைவெளியில் கிடக்கின்றன. சந்தை ஒரு மணி நேரத்தில் அந்தத் தூரத்தைக் கடந்துவிடும்.

இதற்கு மேல் நம்மூர் மார்ஜின் விதி இருக்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலான தரகர்கள் ஸ்ப்ரெட்டின் அதிகபட்ச நஷ்டத்தை மட்டும் பிடித்து வைக்கிறார்கள். அங்கே எழுதப்பட்ட புத்தகங்கள் அந்தக் கணக்கில்தான் பேசும். இங்கே ஸ்பேன் மார்ஜின் ஓரளவு அந்த நஷ்டத்தை ஒட்டி இறங்கினாலும், விற்ற ஆப்ஷனுக்கு எக்ஸ்போஷர் மார்ஜின் தனியாக உண்டு. குறியீட்டு ஆப்ஷன்களுக்கு அது ஒப்பந்த மதிப்பில் 2 சதவீதம். 25,000-ஐ 65-ஆல் பெருக்கினால் 16.25 லட்சம், அதில் 2 சதவீதம் 32,500 ரூபாய். அகலம் 50 ஆனாலும் 500 ஆனாலும் இந்தத் தொகை குறையாது.

ஆகவே 975 ரூபாய் லாபத்துக்காகப் போடும் 50 புள்ளி ஸ்ப்ரெட் தோராயமாக 35,000 ரூபாயை முடக்குகிறது. முடங்கிய பணத்தின் மீது கிடைப்பது மூன்று சதவீதத்துக்கும் குறைவு. 200 புள்ளியில் அது சுமார் 7 சதவீதம். 24,500 புட் 25 ரூபாய் என்று கொண்டால் 300 புள்ளியில் 8 சதவீதத்தைத் தொடுகிறது. 24,300 புட்டை 10 ரூபாய்க்கு வாங்கி 500 புள்ளிக்குப் போனாலும் அதே 8 சதவீதம்தான். ஆனால் நஷ்டத்தின் எல்லை 15,600 ரூபாயிலிருந்து 27,600-க்குத் தாவிவிடுகிறது. இந்த விலைகளில் நான் 300-ஐத் தாண்ட மாட்டேன். பிரீமியங்கள் மாறும்போது அந்த இடமும் நகரும். ஆர்டர் போடும் முன் தரகரின் மார்ஜின் கால்குலேட்டரில் இரண்டு மூன்று அகலங்களைத் தட்டிப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே நழுவும் காசும் குறுகியதைத்தான் அதிகம் கடிக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 2 புள்ளி நழுவினால் 15-இல் 2 போவது பெரிய வெட்டு. 60-இல் 2 போனால் வலி தெரியாது.

போடும்போது பாதுகாப்பு புட்டை முதலில் வாங்க வேண்டும். முடிக்கும்போது விற்றதைத்தான் முதலில் திரும்ப வாங்க வேண்டும். வரிசை மாறினால் இடையில் தனியாக நிற்கும் விற்பனைக்கு முழு மார்ஜினும் கேட்கும். 2024 நவம்பரிலிருந்து எக்ஸ்பைரி நாளன்று விற்ற குறியீட்டு ஆப்ஷன்களுக்கு செபி கூடுதலாக 2 சதவீதம் கேட்கிறது. மேலே சொன்ன 35,000 ரூபாய் ஸ்ப்ரெட்டுக்கு அன்று இன்னொரு 32,500 தேவைப்படலாம். கணக்கில் அந்தப் பணம் இல்லாதவர் முந்தின நாளே முடித்துவிட்டு வெளியேற வேண்டியதுதான்.